‘சார், இன்னைக்கு வர முடியாது’

கோவைப் பக்கத்து எந்திரத் தொழிற்சாலை ஒன்றில் முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை மணிக்கே ஷிஃப்ட் இன்சார்ஜ் கையில் ஒரு தாளோடு நிற்பார். எந்த மெஷினில் யார், யார் லீவு, யாரை எங்கே மாற்றிப் போடுவது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். இரவு ஷிஃப்ட் ஆட்கள் ஆறு மணிக்கு மெஷினை ஒப்படைத்துவிட்டு, ஆறேகால் வாக்கில் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.

ஒரு மெஷினுக்கு ஆள் வரவில்லை என்பது அவருக்கு ஐந்து மணிக்கே தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. இரவு ஷிஃப்ட் ஆளை நிறுத்தி, “தம்பி, பத்து மணி வரைக்கும் பார்த்துக்குறியா?” என்று கேட்கலாம். மதியம் இரண்டு மணிக்கு வரவேண்டிய ஆளுக்குப் போன் செய்து பத்து மணிக்கே வரச் சொல்லலாம். ஆளுக்கு நாலு மணி நேரம் ஓவர்டைம் ஆகும், ஆனால் மெஷின் நிற்காது. அதே செய்தி ஆறரைக்கு வந்தால் பஸ் போயிருக்கும். மதிய ஷிஃப்ட் ஆளுக்கு இன்னும் போன் செய்யலாம், ஆனால் அவர் வரும் வரை மெஷின் சும்மா நிற்கும். அல்லது பக்கத்து மெஷின்காரர் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டியிருக்கும். கை நசுங்கும் விபத்துகளுக்கு இடம் கொடுப்பது இப்படிப்பட்ட இரட்டை வேலைதான்.

திடீரென்று வேலைக்கு வர முடியாமல் போவதை மேலாளருக்குத் தெரிவிப்பது என்ற இந்தச் சின்ன விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அந்தச் செய்தியைப் படிப்பவர் உடனே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முடிவு எடுக்க என்ன வேண்டுமோ அது செய்தியில் இருக்க வேண்டும். முடிவு எடுக்க நேரம் மிச்சம் இருக்கும்போதே அது போய்ச் சேர வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஒரே மாதிரி பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பம்தான். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் இன்று ஒருநாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன். வாட்ஸ்அப் வந்த பிறகும் அந்த மாதிரி நம் விரலை விட்டுப் போகவில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவர் காலையில் எழுதுவதைப் பாருங்கள்:

“குட் மார்னிங் சார். சாரி சார். நேத்து ராத்திரியில இருந்தே ஒரு மாதிரி இருந்துச்சு சார், மாத்திரை போட்டுப் பார்த்தேன் சார், சரியாயிடும்னு நெனச்சேன், ஆனா முடியல. தயவுசெஞ்சு தப்பா நினைக்காதீங்க சார். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு குடுங்க சார் ப்ளீஸ்.”

மரியாதைக்கு இதில் குறையே இல்லை. ஆனால் இன்சார்ஜ் தேடுகிற விஷயம் கடைசி வரியில் இருக்கிறது. போனில் ‘நோட்டிஃபிகேஷன்’ காட்டுவது முதல் ஒன்றிரண்டு வரிகளைத்தான். மெஷின் சத்தத்துக்கு நடுவில் நிற்பவர் அதில் ‘குட் மார்னிங் சார், சாரி சார்’ என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று பையில் போட்டுக்கொள்ள வாய்ப்பு அதிகம். இன்னொரு குறை, இது அனுமதி கேட்கிறது. காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரி இருப்பவருக்கு அனுமதி மறுக்கப்பட்டாலும் அவரால் வர முடியாது. அப்படியிருக்க, ‘குடுங்க சார்’ என்று கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை போனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதில் இரண்டு பேருக்கும் பயனில்லை. இது தகவல் சொல்லும் நேரம். விடுப்பு எந்தக் கணக்கில் போகும், சம்பளம் பிடிப்பார்களா என்பதை வேலைக்குத் திரும்பிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

அதே ஆள் இப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“சார், டோக்கன் 214. இன்று 12ஆம் தேதி முதல் ஷிஃப்டுக்கு வர முடியாது. ராத்திரியிலிருந்து காய்ச்சல், வாந்தி. பத்து மணிக்கு கஸ்டமர் பார்க்க வேண்டிய சாம்பிள் பீஸ் என் லாக்கரில் இருக்கிறது, இன்னொரு சாவி டைம் ஆபீஸில் இருக்கும். காலையில் டாக்டரைப் பார்க்கிறேன். நாளைக்கு வருவேனா என்று சாயங்காலம் 5 மணிக்குள் சொல்கிறேன்.”

படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. வரவில்லை என்பது முதலிலேயே வந்துவிட்டது. டோக்கன் எண் எதற்கு என்று தோன்றலாம். இன்சார்ஜ் இதைப் படித்ததும் டைம் ஆபீஸுக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்வார். அங்கே இருப்பவருக்கு உங்கள் எண்ணும் தெரியாது, டிபி படத்தில் இருக்கும் குழந்தையும் யாரென்று தெரியாது. கைமாறிப் போனாலும் தனியாக நின்று புரிகிற செய்தியாக அது இருக்க வேண்டும்.

தேதியும் ஷிஃப்டும் அதே காரணத்துக்காகத்தான். ‘இன்னைக்கு நைட் வரல’ என்று அதிகாலை ஒரு மணிக்கு ஒருவர் எழுதினால் அது எந்த இரவு? 12ஆம் தேதி இரவு பத்து மணிக்குத் தொடங்கி 13ஆம் தேதி காலை ஆறு மணிக்கு முடியும் ஷிஃப்ட், வருகைப் பதிவேட்டில் பொதுவாக 12ஆம் தேதிக் கணக்கில்தான் ஏறும். மூன்றாம் ஷிஃப்ட் ஆட்களின் விடுப்புக் குழப்பங்களில் நிறையப் பங்கு இந்த நள்ளிரவுத் தேதிமாற்றத்துக்கு உண்டு. ‘12ஆம் தேதி மூன்றாம் ஷிஃப்ட்’ என்று எழுதிவிட்டால் பிறகு யாரும் வாதாட வேண்டியதில்லை.

அந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்த வரி சாம்பிள் பீஸ் பற்றியது. ஆள் இல்லாததை எப்படியாவது ஈடுகட்டிவிடுவார்கள். அந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் இல்லாமல் போவதுதான் அன்றைய வேலையைக் கவிழ்க்கும். லாக்கரில் கிடக்கும் சாம்பிள், மேசை டிராயரில் இருக்கும் காசோலை, ‘பதினொரு மணிக்கு வரேன்’ என்று சொல்லியிருக்கும் வாடிக்கையாளர் என்று ஒவ்வொரு வேலையிலும் ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டாம். இன்று நான் போகாவிட்டால் மதியத்துக்குள் எது சிக்கும் என்று ஒரு கணம் யோசித்தால் அநேகமாக ஒன்றுதான் தோன்றும். அதை எழுதினால் போதும். நாளைக்குச் செய்யக்கூடியது நாளைக்கே இருக்கட்டும்.

எப்படி அனுப்புவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஷிஃப்ட் குரூப்பில் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காலை நாலரைக்குப் போட்டது ஐந்தரைக்குள் முருகன் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் போய்விடும். இன்சார்ஜுக்குத் தனியாக அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். ஷெட்டுக்குள் அதைக் காதில் வைத்துக் கேட்க முடியாது, ஃபார்வர்ட் செய்தாலும் டைம் ஆபீஸில் யாரும் முழுதாகக் கேட்கமாட்டார்கள். அனுப்பிய பிறகு ஒற்றை டிக் மட்டும் இருந்தால் செய்தி அவர் போனை இன்னும் அடையவில்லை. இரண்டு சாம்பல் டிக் வந்தால் போனுக்குப் போயிருக்கிறது, அவர் பார்த்தாரா என்பது தெரியாது. நீல டிக்கைச் சிலர் அணைத்து வைத்திருப்பார்கள், அதனால் அது வராததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பதினைந்து இருபது நிமிடத்தில் பதில் வராவிட்டால் போன் செய்துவிடுவதுதான் சரி. போனில் பேசிவிட்டாலும் எழுத்துச் செய்தி இருக்கட்டும். பேசினால் உடனே காரியம் நடக்கும். எழுதியது பின்னால் சாட்சியாக நிற்கும்.

சாட்சி எதற்கு என்பதைப் பார்க்க, பழைய சட்டம் ஒன்றின் பக்கம் போக வேண்டும். தொழில்துறை வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம் 1946இல் வந்தது. அதையொட்டி மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில் தற்செயல் விடுப்பு பற்றி ஒரு பிரிவு உண்டு. முன்கூட்டியே எதிர்பார்க்க முடியாத சூழ்நிலைகளுக்காகத்தான் இந்த விடுப்பு என்று அது சொல்கிறது. சாதாரணமாகத் துறைத் தலைவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அது முடியாதபோது, எவ்வளவு சீக்கிரம் இயலுமோ அவ்வளவு சீக்கிரம், வராததையும் எத்தனை நாள் வராமல் இருக்க நேரும் என்பதையும் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப்புக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, சட்டம் கேட்டது இவ்வளவுதான். நோயின் பெயரையோ மன்னிப்பையோ அந்த வரி கேட்கவில்லை.

அதே மாதிரி நிலையாணைகள், அனுமதியின்றிப் பத்து நாளுக்கு மேல் வராமலிருப்பதையும், அடிக்கடி அப்படிச் செய்வதையும் ஒழுங்கீனங்களின் பட்டியலில் வைத்திருந்தன. நடவடிக்கை என்று வந்து விசாரணை நடந்தால், ‘நான் அன்றே சொன்னேன்’ என்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். தேதியும் நேரமும் பதிந்த அந்த நாலு வரி அங்கே உதவும். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்துக்காக வந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் இருந்தாலும், உங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு விதி இருக்கும். யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை மணிக்குள், எந்த எண்ணில் என்பதை உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் டைம் ஆபீஸிலோ ஹெச்.ஆரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்சார்ஜிடம் சொன்னது கணக்கில் வராது, ஆப்பில் பதிந்தால்தான் உண்டு என்று சில இடங்களில் விதி இருக்கிறது. காய்ச்சலோடு படுத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

எத்தனை நாள் என்பதைச் சொல்லக்கூடிய நிலையில் இருந்தால் நல்லது. சொல்ல முடியாத நிலைதான் கடினம். ஒரு வங்கிக் கிளையை எடுத்துக்கொள்வோம். அங்கே பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், இரண்டு அதிகாரிகளிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். அதில் ஒரு சாவியை வைத்திருக்கும் பெண் அதிகாரியின் அப்பா விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுகிறார். ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பெலும்பில் முறிவு. மணி ஆறே முக்கால். அறுவை சிகிச்சை இன்றா நாளையா, எத்தனை நாள் ஆகும், எதுவும் தெரியாது. கிளை பத்து மணிக்குத் திறக்க வேண்டும். சாவி அவர் கைப்பையில்.

எதுவும் தெரியாதபோது எதுவும் சொல்லாமல் இருந்துவிடத் தோன்றும். டாக்டர் வந்து பார்த்த பிறகு முழு விவரத்தோடு சொல்லலாம் என்று காத்திருந்தால் மணி ஒன்பதரை ஆகிவிடும். அவர் அப்போதே மேலாளரை அழைத்துவிட்டு எழுத வேண்டியது இது:

“சார், விடியற்காலையில் அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இன்று பிராஞ்சுக்கு வர முடியாது. என் சாவியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் தருகிறேன். எத்தனை நாள் ஆகும் என்று இப்போது தெரியவில்லை. டாக்டரிடம் பேசிவிட்டு மதியம் 1 மணிக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.”

‘ஒரு மணிக்குச் சொல்கிறேன்’ என்பது மேலாளருக்குப் பிடிமானம். நாள் கணக்கு தெரியாவிட்டாலும், அது எப்போது தெரியும் என்பது தெரிகிறது. ஒரு மணி வரை அவர் திரும்பத் திரும்ப அழைக்கமாட்டார். மருத்துவமனை வராண்டாவில் நிற்பவருக்கு அந்த நிம்மதி பெரிது. ஒரு மணிக்கு டாக்டர் இன்னும் வரவில்லையென்றாலும், ‘டாக்டர் வரவில்லை, ஐந்து மணிக்குச் சொல்கிறேன்’ என்று ஒரு வரி போட்டுவிட வேண்டும். சொன்ன நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் போனால் காலையில் எழுதிய நல்ல செய்தியின் மதிப்பு கெட்டுவிடும்.

சாவி விஷயத்தில் இன்னொன்று. அதை அலுவலகக் குரூப்பில் எழுதக் கூடாது. சாவி யாரிடம், எந்த மருத்துவமனையில் என்பதை மேலாளர் ஒருவர் மட்டுமே அறிய வேண்டும். அவசரத்தில் ‘தம்பிகிட்ட குடுத்து அனுப்புறேன்’ என்று எழுதுவதும் தவறு. யார் வாங்கலாம், எந்தப் பதிவேட்டில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதை வங்கியின் விதிதான் தீர்மானிக்கும், அவரல்ல. அதனால்தான் அந்த வரி கேள்வியாக இருக்கிறது.

சில நேரம் எழுதவே முடியாது. சாலை விபத்தாகவோ மயக்கமாகவோ இருந்தால் வீட்டிலிருப்பவர்தான் சொல்ல வேண்டும். அவர் போனைத் திறக்க முடியாது, இன்சார்ஜ் பெயர் என்னவென்று சேமித்திருக்கிறார் என்பதும் தெரியாது. மனைவி போனிலோ அம்மா போனிலோ வேலையிடத்து எண் ஒன்றும், உங்கள் டோக்கன் எண்ணோ ஊழியர் எண்ணோ சேர்த்துப் பதிந்து வைப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. வீட்டிலிருந்து வரும் செய்தி யார் எழுதுகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்: “சார், நான் டோக்கன் 214 அவர்களோட மனைவி. நேத்து ராத்திரி பைக்ல விழுந்துட்டாரு. ஜி.ஹெச்.ல சேர்த்திருக்கோம், நினைவோடதான் இருக்காரு. இன்னைக்கு வேலைக்கு வர முடியாது. இந்த நம்பர்ல பேசலாம்.” வேலைக்கு வரும் வழியிலோ, வேலை முடிந்து திரும்பும் வழியிலோ விழுந்திருந்தால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் வேலையின்போது நேர்ந்த காயமாகக் கருத இடமுண்டு. ஆனால் பயணத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நேரம், இடம் இவற்றை வைத்து நிறுவ வேண்டும்.

காரணத்தை எவ்வளவு சொல்வது? நான் உறுதியாக நினைப்பது, வேலைக்கு வர முடியாத அளவு உடம்பு சரியில்லை என்பதே போதும். மாதவிடாய் வலி, மூலம், மனச்சோர்வு, கருச்சிதைவு என்று எது இருந்தாலும் அதன் பெயரைக் காலைச் செய்தியில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஒரே ஒரு வகை விதிவிலக்கு, மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளக்கூடியது. அம்மை போட்டிருந்தால் சொல்லியே ஆக வேண்டும். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும், எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பரவும். அதாவது நேற்றும் முந்தாநாளும் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரிய வேண்டும், அவர்களில் கர்ப்பிணிப் பெண் யாராவது இருந்தால் அன்றைக்கே தெரிய வேண்டும். கேன்டீனில் சமைப்பவருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் அப்படித்தான், வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

சொல்ல விருப்பமில்லாத குடும்பப் பிரச்சினை என்றால் ‘வீட்டில் ஒரு அவசரம்’ என்று எழுதலாம். அதற்காக இல்லாத காய்ச்சலை எழுத வேண்டாம். காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்று கேட்பார்கள், அதற்கு ஒரு பொய்ச் சான்று தேட வேண்டிவரும், பிடிபட்டால் அது வராததைவிடப் பெரிய குற்றம்.

உண்மையான நோய்க்குச் சான்று வேறு, காலைச் செய்தி வேறு. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பணமாகவே தெரியும். போதிய நாள் சந்தா செலுத்தியிருந்தால், வேலை செய்ய முடியாத நோய் நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஓர் ஆண்டில் 91 நாள் வரை நோய்ப் பணப்பயன் உண்டு. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது. ஆனால் ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று இருந்தால்தான் கணக்கு ஓடத் தொடங்கும். இன்சார்ஜுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, நாலு நாள் வீட்டில் மாத்திரை விழுங்கிவிட்டு, ஐந்தாம் நாள் டிஸ்பென்சரிக்குப் போனால் கடந்துபோன நாட்களுக்குச் சான்று வாங்குவது சிரமம். முடிந்தால் முதல் நாளே போய்விட வேண்டும்.

இப்போது நிறையப் பேர் செய்தியோடு ஒரு படத்தையும் அனுப்புகிறார்கள். டிரிப்ஸ் ஏறும் கை, தெர்மாமீட்டர், கட்டிலில் படுத்திருக்கும் குழந்தை. அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. யாரோ ஒரு மேலாளர் எப்போதோ நம்பாமல் பேசியதால்தான் அந்தக் கை கேமராவைத் தேடியிருக்கும். நோயாளியின் படத்தை அனுப்ப வேண்டாம். சான்று தேவைப்பட்டால் விதிப்படி டாக்டர் தருவார்.

மேலாளர் இருக்கையில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ‘இன்னைக்கா? இன்னைக்குன்னு பார்த்தா?’ என்ற பதில், அடுத்த முறை அந்த ஆளை ஐந்து மணிக்குப் பதில் ஏழு மணிக்குச் சொல்லவைக்கும். பயந்து பயந்து தள்ளிப்போடுவார், அல்லது போனையே அணைத்துவிடுவார். காய்ச்சலோடு வந்து மெஷினில் நிற்பதும் நடக்கும். வெறும் கட்டைவிரல் படம் போட்டால் பார்த்தாரா, ஒப்புக்கொண்டாரா என்று அவருக்குத் தெரியாது. “பார்த்துட்டேன். மெஷினுக்கு ஆள் போட்டாச்சு, சாம்பிளை எடுத்துக்குறோம். உடம்பைப் பாத்துக்கோங்க, அஞ்சு மணிக்குச் சொல்லுங்க” என்று எழுதினால் படுத்திருப்பவர் போனை வைத்துவிட்டுத் தூங்கலாம். ஐந்து மணிக்கு அவர் எழுதுவதும் நீளமாக இருக்க வேண்டியதில்லை: “சார், வைரல் காய்ச்சல்னு சொன்னாங்க. மூணு நாள் ரெஸ்ட். 15ஆம் தேதி முதல் ஷிஃப்டுக்கு வரேன், சர்டிஃபிகேட் கொண்டுவரேன்.”